பூட்டிக் கிடக்கும் ஜிமெயில்

2 ஆண்டுகள் எட்டிப் பார்க்காத தனிநபர் கணக்கை உள்ளிருக்கும் கடிதங்கள், படங்களோடு சேர்த்து அழிக்கலாம் என்று 2023 மே மாதம் கூகுள் அறிவித்தது. விதி அப்போதே நடைமுறைக்கு வந்தாலும், அந்த டிசம்பருக்கு முன் அழிப்பு தொடங்காது என்றும் சொன்னது. அழிக்கும் முன் அந்த முகவரிக்கும், மீட்பு முகவரிக்கும் எச்சரிக்கை வரும். மீட்பு முகவரியும் கைவிடப்பட்டதென்றால் யார் படிப்பது?

ஒருமுறை உள்நுழைந்தாலே கெடு புதுப்பிக்கப்படும். கடவுச்சொல் மறந்தவர்கள், முன்பு அந்தக் கணக்கைத் திறந்த கணினியிலிருந்தே, பழகிய இணைய இணைப்பிலேயே மீட்க முயல்வது நல்லது. கூகுள் அதையும் ஓர் அடையாளமாகப் பார்க்கிறது. கைமாறிய பழைய செல்பேசி எண்தான் பெரும்பாலும் காலை வாருகிறது.

உள்ளே போனதும் takeout.google.com பக்கத்தில் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு, மெயிலை மட்டும் குறியிட வேண்டும். கோப்பு தயாராகச் சில மணி நேரமோ, சில நாட்களோ ஆகலாம். தரவிறக்கச் சுட்டி சுமார் ஒரு வாரமே உயிரோடிருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கிடைப்பது .mbox கோப்பு. இருமுறை சொடுக்கினால் பெரும்பாலான கணினிகளில் திறக்காது. தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளில் இறக்குமதி செய்தால் இணைப்புகளோடு படிக்கலாம். ஏற்கெனவே நீக்கப்பட்ட கணக்கென்றால், அண்மையில் நீங்கியதாக இருந்தால் மட்டுமே மீட்புப் பக்கம் கைகொடுக்கக்கூடும்.