ரேழியில் ஒளிந்த வெட்டு

கும்பகோணம் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் ஏழு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அழைப்பு இல்லாத அக்கா தெருவிலிருந்து உள்ளே வந்து, கூடம் தாண்டி, கொல்லைக் கிணற்றடிவரை போகிறாள். கேமரா அவளை விடாமல் தொடர வேண்டும்; வெட்டே தெரியக்கூடாது.

முதலில் மாட்டிக்கொண்டது கேமராவில் அல்ல, வசனத்தில். திண்ணையிலிருந்து கூடத்துக்கு இருபத்தைந்து அடிதான். சாதாரணமாக நடந்தால் ஆறேழு விநாடி. அந்த இடத்தில் சித்தப்பாவோடு அவள் பேசும் பேச்சோ இருபது விநாடி. வழக்கமான படம் என்றால் எடிட்டர் நடையைச் சுருக்குவார், பேச்சை நீட்டுவார். இங்கே அந்த வேலையைத் தரையில் சாக்பீஸால் நாமே செய்தாக வேண்டும். நடிகையை மெதுவாக நடக்கச் சொன்னால் பொய் தெரியும். அதனால் திண்ணையோரம் செருப்பைக் கழற்றவும், குழாயடியில் கால் கழுவவும் வைத்தோம். மிச்சமிருந்த பதின்மூன்று விநாடி தானாக நிரம்பியது. ‘1917’ படக்குழு பதுங்குகுழிகளைத் தோண்டுவதற்கு முன்பே வெட்டவெளியில் அடையாளம் நட்டு, நடிகர்களைப் பேசிக்கொண்டே நடக்கவிட்டுப் பார்த்தது இதற்காகத்தான். குழியின் நீளத்தை வசனம் முடிவு செய்தது.

ஒத்திகை மூன்று நாள். முதல் நாள் ஸ்டாப்வாட்சோடு வெறும் நடை. இரண்டாம் நாள் செல்போனில் அதே பாதையைப் படம்பிடித்து, கேமரா எங்கே சுவரில் இடிக்கிறது, யார் முதுகு யாரை மறைக்கிறது என்று பார்த்தோம். பின்னோக்கி நடக்கும் ஒளிப்பதிவாளரின் இடுப்பைப் பிடித்து வழிநடத்த ஒரு தம்பி. மூன்றாம் நாள்தான் கிம்பல், விளக்கு, ஃபோகஸ் எல்லாம் சேர்ந்த முழு ஒத்திகை. அதைப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்த தாத்தா, பாட்டி படங்களின் கண்ணாடி ஒவ்வொன்றிலும் எங்கள் குழு நடந்துபோகிறது! ஒவ்வொரு படத்தின் மேல்விளிம்புக்குப் பின்னால் மடித்த அட்டையைச் செருகி, சட்டத்தைச் சற்றுத் தரைப்பக்கம் சாய்த்ததும் பிம்பம் மறைந்தது.

வெட்டு எங்கே என்பதை இந்தப் பாதையை வரையும்போதே முடிவு செய்துவிட்டோம். தெருவில் மாலை வெயில்; கூடத்தில் அதில் சிறு பங்கு வெளிச்சம்கூட இல்லை. தெருவுக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால் கூடம் இருட்டு, கூடத்துக்கு வைத்தால் தெரு வெளுத்துப்போகும். நடுவில் இருந்ததோ இருண்ட ரேழி. அங்கே வெட்டினால் லென்ஸின் முன் மாட்டிய என்டி ஃபில்டரைக் கழற்றலாம். பிற்பாதியில் ஒரு வசனம் பிசகினாலும் தெருவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டாம்.

ஹிட்ச்காக் ‘ரோப்’ (1948) எடுத்தபோது ஒரு ஃபிலிம் சுருள் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. அதனால் பல இடங்களில் நடிகரின் கோட்டு முதுகுவரை கேமராவைக் கொண்டுபோய், திரை இருண்டதும் ஒட்டினார். நாங்களும் அக்காவின் முதுகைத்தான் முதலில் நம்பினோம். சேலை எங்களைக் காட்டிக்கொடுத்தது. முதல் பாதியில் இருந்த மடிப்பு இரண்டாம் பாதியில் இல்லை, முந்தானை துள்ளியது. கோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, பாருங்கள்.

பிறகு ரேழியின் கனத்த நிலைக்கட்டையைப் பிடித்தோம். கேமரா இடமிருந்து வலமாக அதை ஒட்டி நகரும்போது, ஒருகணம் கட்டை மட்டுமே திரை முழுக்க இருக்கும். முதல் பாதி அதைத் தாண்டியும் சில அடி போய் நிற்கும். இரண்டாம் பாதி அதற்குச் சில அடி முன்பே தொடங்கும். நடிகையும் அதே நடையை மறுபடி நடப்பார். இந்த உபரி இல்லாவிட்டால் எடிட்டருக்கு ஒட்ட இடமே இருக்காது. நகரும் திசையும் வேகமும் இரண்டிலும் ஒன்றாக வேண்டும் என்பதால் ஒளிப்பதிவாளர் வாய்க்குள் எண்ணிக்கொண்டே நடந்தார். ஒயிட் பேலன்ஸ் ‘ஆட்டோ’வில் இருந்தால் கட்டையின் நிறமே இரண்டு விதமாக வரும், அதைப் பூட்டிவைத்தோம்.

வெயில் சரியாக இருந்தது மூன்றரையிலிருந்து ஐந்தரைவரை. ஒரு டேக் முடிந்து எல்லோரும் பழைய இடத்துக்குத் திரும்ப இருபது நிமிடம் ஆனது. ஐந்து டேக்தான் கிடைத்தது. முதல் பாதி மூன்றாவதிலிருந்து, இரண்டாம் பாதி ஐந்தாவதிலிருந்து.

ஒட்டியதை விஷயம் தெரியாத ஒரு நண்பரிடம் காட்டினோம். படத்தில் எதையும் கண்டுபிடிக்கவில்லை. “அந்த இருட்டுல என்னமோ ஆச்சே?” என்றார். மறுபடி கேட்டுப் பார்த்தோம். தெருவில் கத்திக்கொண்டிருந்த காகம், நிலைக்கட்டையைத் தாண்டியதும் சட்டென்று நின்றிருந்தது. தனியாகப் பதிவு செய்து வைத்திருந்த தெருச் சத்தத்திலிருந்து அந்தக் காகத்தை எடுத்து, கூடத்துக்குள் நான்கு விநாடி இழுத்து, மெல்ல மெல்லத் தேய்த்துவிட்டோம்.