‘ஆள் தேவை’ பார்த்து ஒரு கடிதம்

திருப்பூரில் உள்ள ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனம் நௌக்ரி தளத்தில் விளம்பரம் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை. டாலி தெரிந்திருக்க வேண்டும். மாதாமாதம் 2பி ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் வேண்டும். எக்செலில் வேகம் வேண்டும். வேலை தேடுபவரின் கண் சம்பளத்துக்குப் போகும். ஜிஎஸ்டி கணக்குக்கான மென்பொருள் விற்பவரின் கண் போக வேண்டியது அந்த 2பி வரிக்கு.

விஷயம் இதுதான். சப்ளையர்கள் தங்கள் பில்களை 11ஆம் தேதிக்குள் அரசின் தளத்தில் ஏற்ற வேண்டும். அவற்றை வைத்து 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் தானாகத் தயாராகிறது. நிறுவனம் தன் 3பி கணக்கை 20ஆம் தேதிக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். 2022 ஜனவரி முதல், 2பி-யில் ஏறாத பில்லுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. நூல், சாயம், பிரிண்டிங், அட்டைப்பெட்டி என்று வாங்கிய எல்லா பில்லையும் அந்த ஆறு நாளில் பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்ட பில்லுக்காக சப்ளையரைத் தேடிப்பிடிக்க வேண்டும். பில் எண்ணில் ஒரு சாய்கோடு மாறியிருந்தால்கூட எக்செல் இரண்டையும் வெவ்வேறு பில் என்று காட்டும். இதற்காகத் தனியாக ஆள் தேடுகிறார்கள் என்றால், இந்த வேலை அங்கே கையால்தான் நடக்கிறது என்று ஊகிக்க இடமிருக்கிறது. ஊகம்தான், உறுதியல்ல.

ஏனென்றால் விளம்பரம் வருவதற்குப் பல காரணங்கள் உண்டு. இருந்தவர் சொந்த ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். ‘முன்னணி நிறுவனத்துக்கு’ என்று பெயர் சொல்லாமல் கன்சல்டன்சி போட்டதாக இருக்கலாம். அதை வைத்து இன்ன கம்பெனி என்று யூகித்து எழுதக் கூடாது. சும்மா பயோடேட்டா சேர்த்து வைக்க மாதக்கணக்கில் தொங்கும் விளம்பரங்களும் உண்டு. ஆகவே தேதியைப் பாருங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்திலும் அதே விளம்பரம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘உங்கள் வளர்ச்சிக்கு வாழ்த்துகள்’ என்று ஆரம்பிக்கும் கடிதங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. வேலையை விட்டுப் போனவரின் நாற்காலியைக் காட்டி வாழ்த்துச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்தது, யாருக்கு எழுதுவது. ஹெச்.ஆருக்கு 2பி-யால் தலைவலி கிடையாது. புதியவர் யாருக்குக் கீழே வேலை பார்ப்பார் என்று விளம்பரத்தில் பெரும்பாலும் ஒரு குறிப்பு இருக்கும். இங்கே அது அக்கவுண்ட்ஸ் மேனேஜர் என்று கொள்வோம். அவருக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். நீங்கள் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேடுவதாக நௌக்ரியில் பார்த்தேன். நான் வேலைக்கு விண்ணப்பிக்கவில்லை. 2பி ஒப்பீட்டுக்கான மென்பொருள் விற்கிறேன். விளம்பரத்தில் அந்த வேலையைத் தனியாகக் குறிப்பிட்டிருந்ததால் எழுதுகிறேன். இப்போது எக்செலில்தான் பார்க்கிறீர்களா? ஆமாம் என்றால், உங்களுடைய ஒரு மாதப் பட்டியலை வைத்துச் செய்து காட்டுகிறேன். ஏற்கெனவே வேறு ஏற்பாடு இருந்தால் சொல்லுங்கள், தொந்தரவு செய்யமாட்டேன்.”

எங்கே பார்த்தார், என்ன விற்கிறார் என்பதெல்லாம் மேலேயே வந்துவிட்டது. தெரியாததைக் கேள்வியாகவே கேட்டிருக்கிறார். இதில் இல்லாத ஒரு வாக்கியமும் முக்கியம்: ‘ஆளே எடுக்க வேண்டாம், ஒரு சம்பளம் மிச்சம்’. விற்பவருக்கு நாக்கு நுனியில் நிற்கும் வாக்கியம் அது. ஆனால் மேனேஜர் முதலாளியிடம் கெஞ்சி அந்த ஓர் ஆளுக்கு அனுமதி வாங்கியிருப்பார். அதில் மண்ணைப் போட வந்தவராகத்தான் உங்களைப் பார்ப்பார். அந்த வாக்கியம் உண்மையும் இல்லை. மென்பொருள் பில்லை ஒப்பிடும். விடுபட்ட பில்லைக் கேட்டு சாயப்பட்டறைக்காரரிடம் நாலு தடவை போன் போடாது. அதற்கு ஆள் வேண்டும்.

விளம்பரம் உண்மையான காரணம்தானா, வெறும் சாக்கா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கடிதத்தில் விளம்பரத்தைப் பற்றிய வரிகளை அடித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். மிச்சம் இருப்பதை ஊரில் எந்தக் கம்பெனிக்கும் அனுப்பலாம் போலிருந்தால் அது சாக்குதான். டிரைவர் வேண்டும் என்ற விளம்பரத்தைக் காட்டி ஜிஎஸ்டி மென்பொருள் விற்கப் போவது அந்த ரகம்.

நேரமும் பார்க்க வேண்டும். 14 முதல் 20 வரை அக்கவுண்ட்ஸ் அறையில் யாருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. 22, 23 தேதிவாக்கில் எழுதினால் பட்ட பாடு நினைவில் இருக்கும், பதில் எழுத நேரமும் இருக்கும். ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். ‘ஆள் எடுத்தாச்சு’ என்று பதில் வந்தால், நீங்கள் எழுதிய காரணம் அங்கே முடிந்துவிட்டது, விட்டுவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே விளம்பரம் மறுபடி வந்தால், அதைச் சொல்லியே மறுபடி எழுதலாம்.

விளம்பரத்தில் இருக்கும் போன் நம்பர் வேலை தேடுகிறவர்களுக்காகக் கொடுத்தது. ‘வேலை விஷயமா’ என்று அதில் பேச்சை ஆரம்பித்து மென்பொருளுக்குத் தாவுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.