பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எந்த ஏசி?

ஏசி வாங்கக் கடைக்குப் போனால் விற்பனையாளர் முதலில் கேட்பது, "ரூம் என்ன சைஸ்?" என்பதைத்தான். பத்துக்குப் பன்னிரண்டு என்று சொன்னால், 120 சதுர அடிக்கு ஒரு டன் போதும் என்பார். 180 வரை ஒன்றரை டன், அதற்கு மேல் இரண்டு டன் என்பது கடைகளில் புழங்கும் வாய்ப்பாடு. தரையின் அளவை மட்டும் பார்க்கும் கணக்கு இது. ஏசிக்கு வேலை வைப்பது தரை அல்ல, அறைக்குள் வந்து சேரும் வெப்பம்.

மதுரையில் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு படுக்கையறை, அதற்கு நேர் மேலே அதே அளவில் இன்னொன்று. கீழ் அறைக்கு மேலே இன்னொரு அறை இருப்பதால் கூரையில் வெயில் படாது. மேல் அறைக்கு மொட்டை மாடிதான் கூரை, மேற்குச் சுவரிலும் மாலை வெயில் விழுகிறது. பகல் முழுக்க வெயிலை வாங்கிய கான்கிரீட், அந்தச் சூட்டை ராத்திரி பத்து மணிக்கும் அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். கீழ் அறைக்கு ஒரு டன் போதும். மேல் அறைக்கு ஒன்றரை டன் வேண்டும்.

இங்கே டன் என்பது இயந்திரத்தின் எடை அல்ல. 907 கிலோ பனிக்கட்டி, அதாவது அமெரிக்கர்களின் ஒரு டன், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் அறையிலிருந்து வெப்பத்தை வெளியேற்றுவதுதான் ஒரு டன் ஏசியின் வேலை. வாட் கணக்கில் சுமார் 3,500. ஒன்றரை டன் என்றால் 5,270 வாட் வர வேண்டும். ஆனால் ஒன்றரை டன் என்று விற்கும் எல்லா இயந்திரங்களும் அந்த அளவைத் தொடுவதில்லை. சிலவற்றில் 5,000க்கும் கீழே இருக்கும். ஸ்டார் ஸ்டிக்கரில் குளிரூட்டும் திறன் வாட்டில் அச்சிடப்பட்டிருக்கும், அந்த எண்ணைப் படித்துவிட்டு விலையை ஒப்பிடுங்கள். அதுவும் வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளந்த திறன். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டினால் அதே இயந்திரத்தின் திறன் குறைந்துவிடும்.

டன் குறைவாக வாங்கினால் எளிதில் கண்டுபிடிக்கலாம். கதவைச் சாத்தி 24 டிகிரி வைத்து ஒன்றரை மணி நேரம் ஆன பிறகும் வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் சத்தம் குறையாமல் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தால், அந்த அறையை இந்த ஏசியால் தாங்க முடியவில்லை என்று பொருள். சர்வீஸ் செய்த புதிதிலும் அப்படியே இருந்தால் சந்தேகமே வேண்டாம். கூடுதலாக வாங்கினாலும் தொல்லை உண்டு. அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், காற்றிலிருக்கும் ஈரம் முழுதாக வெளியேற நேரம் இருக்காது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் குளிரும் இருக்கும், உடம்பும் பிசுபிசுக்கும்.

இந்த இடத்தில்தான் இன்வெர்ட்டர் வகை உதவுகிறது. பழைய ஏசிகளில் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் ஏசியில் மோட்டார் தன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மேல் அறையில் ராத்திரி பத்து மணிக்கு முழு வேகத்தில் ஓடி, கூரையின் சூடு தணிந்த விடியற்காலையில் பாதிக்கும் கீழே இறங்கி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மின்சாரம் மிச்சமாவது அந்த மெதுவான மணிகளில்தான். வீட்டில் பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டருக்கும் இதற்கும் தொடர்பில்லை. கரண்ட் போனால் இதுவும் நின்றுவிடும்.

ஸ்டார்களை எண்ணி வாங்குவதைவிட, ஸ்டிக்கரில் இருக்கும் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். ஓர் ஆண்டில் ஏசி வெளியேற்றும் வெப்பத்தை, அது தின்ற மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது அது. 2022 ஜூலையில் வந்த விதிப்படி ஸ்பிளிட் ஏசிக்கு 3 ஸ்டார் கிடைக்க 3.8, 5 ஸ்டார் கிடைக்க 5 தேவைப்பட்டது. மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்த அளவுகோலை இறுக்குகிறது. அதனால் பழைய இருப்பில் உள்ள 5 ஸ்டாரும் புது 5 ஸ்டாரும் சமமல்ல. எண் மட்டும் மாறாது.

அதே ஸ்டிக்கரில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்றும் இருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு, அதாவது தினமும் எட்டு மணி நேரம் வீதம் 200 நாள். மேல் அறைக்கு இரண்டு ஒன்றரை டன் ஏசிகளைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றின் எண் 4, ஆண்டுக்கு 960 யூனிட். இன்னொன்றின் எண் 5.2, ஆண்டுக்கு 740 யூனிட், விலையோ 8,000 ரூபாய் கூடுதல். வித்தியாசம் 220 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 1,760 ரூபாய் மிச்சம், நாலரை ஆண்டில் போட்ட பணம் திரும்பிவிடும். ஆனால் கோடையில் மூன்று மாதம், ராத்திரி ஆறு மணி நேரம் மட்டும் போடும் குடும்பத்துக்கு ஆண்டு முழுக்க 540 மணி நேரம்தான் ஓடும். மிச்சம் 600 ரூபாய்க்கும் கீழே போகும். 8,000 திரும்ப 13 ஆண்டுக்கு மேலாகும், அதற்குள் ஏசியையே மாற்ற வேண்டி வரலாம். அப்படிப்பட்டவர்களுக்கு 3 ஸ்டார் இன்வெர்ட்டரே சரியான தேர்வு என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடித்தால் ஏசியின் சுமையே குறையும்.

பிறகு வருவது இன்ஸ்டலேஷன். "இன்ஸ்டலேஷன் ஃப்ரீ" என்றால் பெரும்பாலும் கூலி மட்டும்தான் ஃப்ரீ. பெட்டியோடு வரும் செப்புக் குழாய் பொதுவாக மூன்று மீட்டர். மேல் அறையின் அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் வைத்தால் ஆறு மீட்டர் தேவைப்படும். மீட்டருக்கு 900 ரூபாய் என்றால் கூடுதல் குழாய்க்கே 2,700. ஸ்டாண்டுக்கு 800, தண்ணீர் வடியும் குழாய்க்கு 300, கூலியும் உண்டென்றால் இன்னொரு 1,500. மொத்தம் 5,300. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், ஆனால் இந்தத் தலைப்புகள் மாறாது. வாங்குவதற்கு முன்பே அவுட்டோர் வைக்கும் இடத்தைத் தீர்மானித்து, நூல் பிடித்து அளந்து, கடையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காசைவிட முக்கியமானது வேக்யூம். குழாய்களைப் பொருத்தியதும் உள்ளே காற்றும் ஈரமும் சிக்கியிருக்கும். சிறிய பம்ப் வைத்துக் கால் மணி நேரமாவது அவற்றை உறிஞ்சி எடுத்த பிறகே கேஸைத் திறந்துவிட வேண்டும். நேரமில்லாத மெக்கானிக் வால்வைச் சற்றே திறந்து, வரும் கேஸாலேயே காற்றைத் தள்ளிவிட்டு, சில நொடியில் முடித்துவிடுவார். அன்றைக்கு ஏசி நன்றாகவே குளிரும். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரசர் எண்ணெயைக் கெடுத்து, ஓரிரு கோடையில் வேலையைக் காட்டும். ஆகவே மெக்கானிக் வரும்போதே, "அண்ணே, வேக்யூம் பம்ப் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேளுங்கள். பம்பை நிறுத்திய பிறகு கேஜில் முள் ஏறாமல் பத்து நிமிடம் நிற்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். முள் ஏறினால் ஏதோ ஓர் இணைப்பு கசிகிறது, நட்டைக் கழற்றி குழாய் முனையை மறுபடி விரித்துப் பொருத்த வேண்டும். கேஸ் திறந்த பின் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகு இன்ஸ்டலேஷன் கார்டில் கையெழுத்துப் போடுங்கள்.