கைவிடப்பட்ட கூடைகள்

கடைத்தெருவில் ஒருவர் பொருளை எடுத்துப் பார்த்துவிட்டு, வாங்காமல் வைத்துச் செல்கிறார். அவர் முகக்குறிப்பைக் கொண்டே கடைக்காரர் காரணத்தை ஓரளவு அறிந்துகொள்வார். இணைய அங்காடியில் அந்த முகம் தெரிவதில்லை. வாங்குபவர் பொருளைக் கூடையில் இட்டுவிட்டுப் பணம் செலுத்தாமல் வெளியேறினால் எஞ்சுவது, அவர் எந்தப் பக்கத்தில் நின்றார் என்ற பதிவு மட்டுமே. இவ்வாறு வெளியேறுவதைக் கூடைக் கைவிடல் என்பர். உலக அளவில் இணைய அங்காடிகளில் நிரப்பப்படும் பத்துக் கூடைகளில் ஏறத்தாழ ஏழு கைவிடப்படுகின்றன என்பது இத்துறை ஆய்வுகள் காட்டும் சராசரியாகும்.

எல்லையில் ஓர் அங்காடி

கிருஷ்ணகிரி மாவட்டம் மாம்பழத்திற்கும் மாங்கூழுக்கும் பெயர்பெற்றது. இங்கு மிகுதியாக விளையும் 'பெங்களூரா' என்னும் மாம்பழ வகையின் பெயரிலேயே அண்டை மாநிலத் தலைநகர் ஒலிக்கிறது. ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. ஓசூரில் மாங்கூழ் விற்கும் சிறிய இணைய அங்காடி ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டு தகரக் குவளைகள் கொண்ட பொதியின் விலை ரூ.320. அஞ்சல் கட்டணம் தமிழ்நாட்டிற்குள் ரூ.60, பிற மாநிலங்களுக்கு ரூ.140 என அதன் உரிமையாளர் அமைத்திருக்கிறார்.

ஒரு மாதத்தில் 500 கூடைகள் நிரம்பின. 150 மட்டுமே விற்பனையாக முடிந்தன. கைவிடப்பட்டவை 350. விலை கூடுதல் என்று எண்ணிய உரிமையாளர் அனைவருக்கும் பத்து விழுக்காடு தள்ளுபடி தர முனைகிறார். ஏற்கெனவே முழு விலைக்கு வாங்கிக்கொண்டிருந்த 150 பேருக்கும் அத்தள்ளுபடி போய்ச் சேரும். உண்மையான தடை விலையில் இல்லாவிட்டால் மற்றவர்கள் திரும்பவும் மாட்டார்கள். எனவே மருந்துக்கு முன் நோயறிதல் தேவை.

எங்கே நின்றார்கள்?

முதற்பணி, வாங்கும் வழியைப் படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் நின்றனர் என்று எண்ணுவதாகும். நம் அங்காடியில் 120 பேர் கூடையைப் பார்த்ததோடு சென்றனர். இவர்களுள் பலர் விலையை ஒப்பிடவோ, பின்னர் வாங்கலாம் என்று குறித்துவைக்கவோ வந்தவர்கள். இவர்களை இழப்பாகக் கருத வேண்டியதில்லை. கணக்குத் தொடங்கிக் கடவுச்சொல் அமைக்கச் சொன்ன பக்கத்தில் 30 பேர் நின்றனர். முகவரி எழுதியபின் அஞ்சல் கட்டணம் தோன்றும் பக்கத்தில் 160 பேரும், பணம் செலுத்தும் பக்கத்தில் 40 பேரும் நின்றனர்.

பெரிய ஓட்டை அஞ்சல் கட்டணப் பக்கத்தில் இருப்பது தெரிகிறது. அடுத்து, அப்பக்கத்தை அடைந்த 350 பேரை அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கொண்டு பிரிக்க வேண்டும். தமிழ்நாட்டு முகவரி தந்த 200 பேரில் 50 பேர் விலகினர். இது 25 விழுக்காடு. பெங்களூரு முகவரி தந்த 150 பேரில் 110 பேர் விலகினர். இது 73 விழுக்காடு. விலகியோரின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் போதாது. அப்படியை அடைந்தோரில் எத்தனை பங்கினர் விலகினர் என்று பார்க்கும்போதே காரணம் துலங்கும்.

கட்டணப் பட்டியல் மாநில எல்லையைப் பார்த்தது, தொலைவைப் பார்க்கவில்லை. 500 கி.மீ.க்கு அப்பாலுள்ள கன்னியாகுமரிக்கு ரூ.60, 40 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு ரூ.140. ரூ.320 என்று எண்ணி வந்தவர் இறுதியில் ரூ.460 என்று கண்டு திகைத்தார். கூதல் நிறுவனத்துடன் பேசி, 560 என்று தொடங்கும் அஞ்சல் எண்களுக்குத் தனிக் கட்டணம் அமைத்தால் இம்முரண் நீங்கும். பொருளின் பக்கத்திலேயே அஞ்சல் எண்ணைக் கேட்டு மொத்தத் தொகையைக் காட்டிவிட்டால் திகைப்புக்கும் இடமிராது.

மற்ற இரு தடைகள்

கணக்குத் தொடங்கும் கட்டாயமும் சிறிய தடையன்று. அமெரிக்க ஆய்வாளர் ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதிய நிகழ்வு இத்துறையில் புகழ்பெற்றது. பெரிய அங்காடி ஒன்றில் 'பதிவு செய்க' என்றிருந்த பொத்தானை நீக்கி, 'தொடர்க' என்று அமைத்து, வாங்குவதற்குக் கணக்குத் தேவையில்லை என்ற குறிப்பையும் சேர்த்தனர். வாங்குவோர் தொகை 45 விழுக்காடு உயர்ந்தது.

பணம் செலுத்தும் பக்கத்தில் நின்ற 40 பேரைத் தனியே ஆராய வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் வந்து சேராமையாலோ, இணைப்பு அறுந்தமையாலோ நின்றவர்கள் இவர்களுள் இருப்பர். சிலருக்கு வங்கியில் பணம் கழிந்தும் அங்காடியில் பதிவு உருவாகாமல் போயிருக்கும். அவர்கள் கூடையைக் கைவிட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு 'மீண்டும் வாங்குங்கள்' என்று செய்தி அனுப்பினால் சினமே மிஞ்சும். வங்கிப் பதிவுகளோடு ஒப்பிட்டு, முதலில் அவர்கள் பணத்திற்கு விடை சொல்வதே கடமை.

மீண்டும் அழைத்தல்

தடையை நீக்கிய பின்னரே நினைவூட்டல் செய்தி பயன் தரும். இசைவு தந்தவர்களுக்கு மட்டுமே அதனை அனுப்ப வேண்டும். கூடையிலிருந்த பொருள், இப்போதைய அஞ்சல் கட்டணம், மொத்தத் தொகை, அதே கூடைக்குத் திரும்பும் இணைப்பு ஆகியவை அதில் இருந்தால் போதும். சில மணி நேரத்திற்குள் ஒன்று, மறுநாள் ஒன்று என நிறுத்திக்கொள்வது நன்று. ஒவ்வொரு முறையும் தள்ளுபடி தந்தால், கூடையை விட்டுச் சென்றால் விலை குறையும் என்று வாங்குவோர் கற்றுக்கொள்வர்.

செய்தி பெற்றபின் வாங்கியவர் அனைவரும் செய்தியால் வாங்கியவர் அல்லர். விலகிய பெங்களூரு வாடிக்கையாளர்களில் 80 பேர் இசைவு தந்ததாகக் கொள்வோம். குலுக்கல் முறையில் 40 பேருக்குச் செய்தி அனுப்பி, மற்ற 40 பேருக்கு அனுப்பாமல் விடுகிறார்கள். முதற்குழுவில் 9 பேரும் இரண்டாம் குழுவில் 3 பேரும் வாங்குகின்றனர். செய்தி ஈட்டியது 9 அன்று, 6 மட்டுமே. எண்கள் சிறியவையாதலால், சில மாதங்கள் தொடர்ந்து பார்த்த பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

வரம்பு எது?

விலகுவோரைத் தடுக்கக் குறுக்கு வழிகளும் உள்ளன. கட்டணத்தைக் கடைசிப் பக்கம் வரை மறைப்பதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும், 'இன்னும் இரண்டே உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அத்தகையவை. நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இவற்றை ஏமாற்று உத்திகளாக வகைப்படுத்தித் தடைசெய்கின்றன. நம் ஓசூர் அங்காடி ரூ.140ஐக் கடைசியில் காட்டியது அறியாமையால் நேர்ந்தது. ஆயினும் திரைக்கு அப்பால் இருப்பவர்க்கு அறியாமையும் சூழ்ச்சியும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிற்கும் அவர் தரும் விடை, கூடையை விட்டு நீங்குவதே.