எந்த ஊரில் எத்தனை பேர்?

கல்யாணப் பத்திரிகை அனுப்ப எக்செலில் முகவரிப் பட்டியல் போடுகிறோம். B2 முதல் B41 வரை ஊர்ப் பெயர்கள். மதுரைக்கு எத்தனை, கரூருக்கு எத்தனை என்று விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. மூன்று ஃபார்முலா போதும். இவற்றை முறையே C2, E2, F2 கட்டங்களில் இடுங்கள்:

```
=TRIM(B2:B41)
=SORT(UNIQUE(FILTER(C2#,C2#<>"")))
=COUNTIF(C2#,E2#)
```

ஒரே கட்டத்தில் எழுதினாலும் விடை தானாகக் கீழே வழிந்து நிரம்பும். இதுதான் டைனமிக் அரே. வழிந்த பகுதி முழுவதையும் குறிப்பதுதான் # குறி. அதனால் B-யில் ஒரு ஊரை மாற்றினால் பட்டியலும் எண்ணிக்கையும் சேர்ந்தே மாறும்.

முதல் ஃபார்முலாவை வீண் என்று விட்டுவிடாதீர்கள். ‘மதுரை’ என்று தட்டியபின் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எக்செலுக்கு அது வேறு ஊர். பட்டியலில் மதுரை இரண்டு முறை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். TRIM அந்த இடைவெளியை நீக்கிவிடும். ‘திருச்சி’, ‘திருச்சிராப்பள்ளி’ இரண்டும் ஒன்று என்பதை மட்டும் நாம்தான் திருத்த வேண்டும். FILTER காலிக் கட்டங்களை விலக்குகிறது.

`#SPILL!` என்று வந்தால், விடை வழிய வேண்டிய இடத்தில் ஏதோ இருக்கிறது. அதை அழித்தால் சரியாகிவிடும்.

எக்செல் 2019-இலும் அதற்கு முந்தையவற்றிலும் இது இயங்காது. 2021 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு, இல்லையேல் மைக்ரோசாஃப்ட் 365 வேண்டும்.