ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட்?

போர் மோட்டார் வாங்கும்போது கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை ஹெச்.பி. வேண்டும் என்பதுதான். மின்கட்டண அட்டையில் இருப்பதோ யூனிட். இந்த இரண்டையும் இணைக்கும் கணக்கு நம்மில் பலருக்குப் பாதிதான் தெரியும். ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட், அதாவது சுமார் 0.75 கிலோவாட். ஆகவே 1 ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட் செலவாகும் என்று கணக்குப் போடுகிறோம். பெருக்கல் சரிதான். ஆனால் மீட்டர் அதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

மோட்டாரின் பெயர்ப் பலகையில் 0.75/1.0 என்று கிலோவாட்டையும் ஹெச்.பி.யையும் சேர்த்தே போட்டிருப்பார்கள். அது மோட்டார் தன் தண்டின் வழியே பம்புக்குத் தரும் திறன். மின்கம்பியிலிருந்து மோட்டார் வாங்கிக்கொள்ளும் திறன் வேறு. குறுகலான போர்க் குழாய்க்குள் இறங்குவதற்காக ஒல்லியாகச் செய்யப்பட்ட சிங்கிள் பேஸ் மோட்டாரில், வாங்கும் மின்சாரத்தில் சுமார் 60 முதல் 65 சதவீதம்தான் தண்டுக்குப் போய்ச் சேர்கிறது. மீதி சூடாகிப் போகிறது. 0.746-ஐ 0.62-ஆல் வகுத்தால் 1.2 வரும். உங்கள் 1 ஹெச்.பி. மோட்டார் மணிக்கு இழுப்பது முக்கால் யூனிட் அல்ல, ஏறக்குறைய 1.2 யூனிட்.

இதை நம் வீட்டு மீட்டரிலேயே சரிபார்க்கலாம். எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் 3200 imp/kWh என்பது போல ஓர் எண் இருக்கும். 3200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட் ஓடிவிட்டது என்று அதற்குப் பொருள். எண் மீட்டருக்கு மீட்டர் மாறலாம், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ், மின்விசிறி உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டு, சரியாக ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். 64 வந்தது என்று வைப்போம். அறுபதால் பெருக்கி 3200-ஆல் வகுத்தால் 1.2 கிலோவாட். ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள ஆம்பியர் முள்ளைப் பார்த்து வோல்ட்டோடு பெருக்குவதைவிட இது நம்பகமானது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் வாட் வந்துவிடாது. அதைப் பவர் ஃபேக்டராலும் பெருக்க வேண்டும், அந்த எண் நம் கையில் இருக்காது.

அடுத்தது நேரம். காலியான 1000 லிட்டர் மாடித் தொட்டி அரை மணி நேரத்தில் நிரம்பினால், 1.2-இல் பாதி, 0.6 யூனிட். நாளுக்கு ஒரு தொட்டி என்றால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட் தண்ணீருக்கானது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் வைக்கும் அளவு. அதன்படி இந்த ஒரு தொட்டி ஏழு பேருக்குப் போதும்.

இந்த 0.6 நியாயமான செலவா, வீண் செலவா? அதைச் சொல்ல ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 1200. கொஞ்சம்கூட வீணாகாமல் முழுவதும் தூக்குவதற்கே பயன்பட்டால், ஒரு யூனிட் மின்சாரம் 1000 லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ 1200 அடி உயர்த்தும். உங்கள் வீட்டில் எத்தனை அடி தூக்க வேண்டியிருக்கிறதோ அதை 1200-ஆல் வகுத்தால், 1000 லிட்டருக்கு இயற்கை கேட்கும் குறைந்தபட்ச யூனிட் கிடைத்துவிடும்.

எத்தனை அடி என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். போர் 300 அடி, மோட்டார் 240 அடியில் தொங்குகிறது என்றால் தூக்கும் உயரம் இரண்டுமே அல்ல. மோட்டார் ஓடும்போது போருக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கிருந்துதான் கணக்கு தொடங்குகிறது. அந்த மட்டம் 180 அடி, தொட்டியின் வாய் தரையிலிருந்து 30 அடி, குழாயிலும் வளைவுகளிலும் உரசிப்போவதற்கு 10 அடி என்று வைத்தால், மொத்தம் 220 அடி. 1200-ஆல் வகுத்தால் 0.18 யூனிட். நாம் செலவழிப்பதோ 0.6. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே தண்ணீரைத் தூக்கப் பயன்படுகிறது. மோட்டாரில் 62 சதவீதம், பம்பில் பாதி என்று பார்த்தால் இரண்டும் சேர்ந்து 31 சதவீதம்தான் வரும். சிறிய வீட்டு பம்புக்கு இது இயல்பான நிலை. 20 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் ஏதோ கோளாறு.

1.5 ஹெச்.பி. போட்டால் செலவு கூடுமா? மணிக்கு 1.8 யூனிட் இழுக்கும், ஆனால் 20 நிமிடத்தில் தொட்டி நிரம்பும். செலவு அதே 0.6. ஊற்று பலமாக இருக்கும்வரை இது சரி. ஊற்று குறைந்த போரில் பெரிய மோட்டார் தண்ணீர் மட்டத்தை வேகமாக இறக்கிவிடும். தூக்கும் உயரம் கூடும், கடைசியில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும். அப்படிப்பட்ட போரில் சிறிய மோட்டார்தான் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும், மோட்டாரையும் காப்பாற்றும்.

சித்திரையில் மட்டம் 230 அடிக்கு இறங்கினால், மோட்டார் அதிகமாக மின்சாரம் இழுக்கும் என்றுதான் நினைப்போம். உண்மையில் வாட் சற்றுக் குறையவே செய்யும், ஏனென்றால் பம்ப் தள்ளும் தண்ணீரே குறைந்துவிடுகிறது. கூடுவது நேரம். அரை மணியில் நிரம்பிய தொட்டிக்கு 42 நிமிடம் ஆகும். 1.15 கிலோவாட் என்று வைத்தாலும் 0.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட் 48 ஆகிவிடும்.

மட்டம் இறங்காமலே நேரம் கூடினால் காரணம் குழாயிலோ பம்பிலோ இருக்கிறது. மோட்டார் ஓடும்போது போரின் வாயில் காதை வைத்தால் உள்ளே தண்ணீர் சலசலவென்று விழும் சத்தம் கேட்கிறதா? இணைப்பு ஒன்று கசிகிறது. சுவிட்ச் போட்டு வெகுநேரம் கழித்தே தொட்டியில் தண்ணீர் விழுகிறதா? மோட்டாரை நிறுத்தியதும் குழாயிலுள்ள தண்ணீர் முழுவதும் கீழே இறங்கிவிடுகிறது, நான்-ரிட்டர்ன் வால்வு பிடிக்கவில்லை. இரண்டும் இல்லாமல், ஆம்பியரும் பழைய அளவுக்குக் கீழே இருந்தால், மணல் அரித்து இம்பெல்லர் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் கண்டுபிடிக்கப் பழைய அளவு கையில் இருக்க வேண்டும். எல்லாம் நன்றாக ஓடும்போதே ஒரு நாள் சிமிட்டலை எண்ணி, தொட்டி நிரம்பும் நிமிடத்தைக் குறித்து, தேதியோடு ஸ்டார்ட்டர் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். மெக்கானிக் வந்து மோட்டாரை மேலே இழுக்க வேண்டும் என்று சொல்லும் நாளில், அவரிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.