40 நிமிட ரெக்கார்டிங்கில் ஒரே ஒரு குயில்: பெட்டி போட்டுப் பிரிப்பது எப்படி?

விடியற்காலையில் மொட்டை மாடியில் போனை வைத்து 40 நிமிடம் ரெக்கார்ட் செய்திருக்கிறீர்கள். குயில் கூவியது நிச்சயம் பதிவாகியிருக்கும். ஆனால் கூடவே காகம், தெருவில் போன பைக், சிள்வண்டு எல்லாமே இருக்கும். முழுசாகக் கேட்டுக் கேட்டு குயிலைத் தேடினால் அந்த நாளே போய்விடும். காதால் தேடுவதைவிட கண்ணால் தேடுவது சுலபம். அதற்குத்தான் ஸ்பெக்ட்ரோகிராம்.

ஸ்பெக்ட்ரோகிராம் என்றால் என்ன?

ஒலியின் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடமிருந்து வலமாக நேரம் ஓடும். கீழிருந்து மேலாக சுருதி ஏறும். கனமான சத்தம் கீழே, கீச்சுக்குரல் மேலே. சத்தம் எங்கே பலமாக இருக்கிறதோ அங்கே நிறம் பளிச்சென்று தெரியும்.

இந்தப் படத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு முகம் உண்டு. பைக் சத்தம் அடியில் புகைபோலப் படர்ந்திருக்கும். சிள்வண்டு மேலே நீளமான பட்டையாக ஓடும். ஆண் குயிலின் கூவல் சுமார் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தொடங்கி மேல்நோக்கி வளையும் கோடு. அது ஒரு தடவை கூவி நிறுத்தாது. ஒவ்வொரு கூவலும் முந்தியதைவிட உயர்ந்துகொண்டே போகும். அதனால் படத்தில் படிக்கட்டு மாதிரி தெரியும். திரையில் ஒரு நேரத்தில் 30 விநாடி தெரியும்படி வைத்து நகர்த்திக்கொண்டே போனால், அந்தப் படிக்கட்டு தானாகக் கண்ணில் படும்.

எதில் செய்வது?

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி போதும். கீழே உள்ள பெயர்கள் அதன் 3-ஆம் வரிசைப் பதிப்புகளுக்கானவை. ஃபைலைத் திறந்து, டிராக்கின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மெனுவில் `Spectrogram` தேர்வு செய்யுங்கள். அமைப்புகளில் மேல் எல்லையை 8000 ஹெர்ட்ஸ் என்று குறைத்தால் குயில் இருக்கும் பகுதி பெரிதாகத் தெரியும். `Enable Spectral Selection` டிக் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் நேரத்தோடு சேர்த்து சுருதிக்கும் எல்லை வைத்துப் பெட்டி போட முடியும்.

பெட்டியை எவ்வளவு பெரிதாகப் போடுவது?

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பெட்டிக்கு நான்கு பக்கம். இடது, வலது பக்கங்கள் நேரத்தை வெட்டுகின்றன. அதில் குயிலுக்கு எந்தச் சேதமும் இல்லை. முன்னும் பின்னும் இரண்டு மூன்று விநாடி விட்டு வெட்டினால் போதும். மேல், கீழ் பக்கங்கள் அப்படியல்ல. அவை குரலையே வெட்டிவிடும்.

ஏன்? குயிலின் குரல் ஒரே ஒரு கோடு கிடையாது. பளிச்சென்ற அந்தக் கோட்டுக்கு மேலே, இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சுருதியில் மங்கலான கோடுகள் அதே வளைவோடு இருக்கும். இவற்றை ஹார்மோனிக் என்பார்கள். விசில் சத்தத்துக்கும் குயில் குரலுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுப்பதில் இந்த மங்கல் கோடுகளுக்குப் பங்கு உண்டு. பளிச் கோட்டை மட்டும் ஒட்டிப் பெட்டி போட்டால் சத்தம் சுத்தமாகும், ஆனால் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

ஒரு உதாரணம். உங்கள் ரெக்கார்டிங்கில் 12-வது நிமிடத்தில் ஒரு படிக்கட்டு கிடைக்கிறது. மொத்தம் 10 விநாடி. பளிச் கோடு 900 முதல் 1500 ஹெர்ட்ஸ் வரை. அதன் மங்கல் கோடுகள் 4500 வரை தெரிகின்றன. பைக் சத்தம் 400-க்குக் கீழே, சிள்வண்டு 5500-க்கு மேலே. அப்படியானால் பெட்டியின் அடி 500, தலை 5000. குயிலின் எந்தக் கோடும் விளிம்பில் இடிக்கவில்லை, தொந்தரவுகள் இரண்டும் வெளியே நிற்கின்றன.

பெட்டி போட்ட பிறகு?

பெட்டி போட்டதாலேயே வெளியே உள்ளது அழிந்துவிடாது. `Spectral Delete` கட்டளை இருக்கிறதே என்று அழுத்திவிடாதீர்கள். அது பெட்டிக்கு உள்ளே இருப்பதை, அதாவது குயிலை, அழித்துவிடும்! நமக்குத் தேவை இதற்கு நேர்மாறு.

முதலில் அந்தப் பகுதியை அதன் முன்பின் விநாடிகளோடு தேர்வு செய்து `Ctrl+T` அழுத்துங்கள். மற்ற நேரம் எல்லாம் போய்விடும். இந்தத் துண்டை அப்படியே ஒரு WAV ஃபைலாகச் சேமியுங்கள். பிறகு `High-Pass Filter` திறந்து 500 என்றும், `Low-Pass Filter` திறந்து 5000 என்றும் கொடுங்கள். இரண்டிலும் `Roll-off` 24 வைக்கலாம்.

24 என்றால் சுவர் எழுப்புவது அல்ல, சரிவு அமைப்பது. 500-இல் சத்தம் லேசாகக் குறையும். அதில் பாதியான 250-இல் சுமார் 24 டெசிபெல் குறைந்திருக்கும். அதனால் பைக் முழுசாக மறையாது, அடங்கிப்போகும். 48 வைத்தால் இன்னும் அடங்கும். ஆனால் விளிம்புக்குப் பக்கத்தில் பறவைக் குரல் இருந்தால் அதுவும் சேர்ந்து அடிவாங்கும்.

காகம் குறுக்கே வந்தால்?

பெட்டியின் எல்லை இங்கே முடிகிறது. காகத்தின் கரைச்சல் ஒரு கோடாக இல்லாமல், குயில் இருக்கும் அதே உயரத்தில் அகலமாகப் படர்ந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே சுருதியில் இருந்தால் எந்தப் பெட்டியாலும் பிரிக்க முடியாது. அந்தக் கூவலை விட்டுவிட்டு அடுத்த படிக்கட்டைத் தேடுவதுதான் வழி. நல்லவேளை, குயில் திரும்பத் திரும்பக் கூவும் பறவை.

அதிகமாக வெட்டிவிட்டோம் என்று எப்படித் தெரியும்?

ஃபில்டர் போட்ட ஃபைலையும் போடாததையும் மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். முதலில் தெரிந்த மங்கல் கோடு இரண்டாவதில் பாதியில் காணாமல் போயிருந்தால், வெட்டு பறவை மேல் விழுந்திருக்கிறது. `Ctrl+Z` அழுத்தி எல்லையை விரியுங்கள்.

இன்னொன்று: இந்த 500 குயிலுக்கான கணக்கு. செம்போத்தின் ஆழமான 'ஊப் ஊப்' இதைவிடத் தாழ்ந்தது. அதே எண்ணை அங்கே போட்டால் செம்போத்தையே அழித்துவிடுவீர்கள். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம்; ஒவ்வொரு தடவையும் படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எந்த ஃபைலை அனுப்புவது?

வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கோ, ரிங்டோனுக்கோ என்றால் ஃபில்டர் போட்டது. இ-பேர்ட், சீனோ-கேன்டோ போன்ற தளங்களில் பறவைப் பதிவாக ஏற்றுவதென்றால், நேரத்தை மட்டும் வெட்டிச் சேமித்த அந்த முதல் WAV. நாம் இரைச்சல் என்று தூக்கிப் போட்ட பகுதியில், தூரத்தில் கூவிய இன்னொரு பறவை இருக்கலாம். ஃபில்டரில் ஒருமுறை போனதை அந்த ஃபைலிலிருந்து யாராலும் திரும்ப எடுக்க முடியாது.